டெஸ்ட்டுக்கு ஆள் எடுத்த கடை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மொபைல் கடைக் கண்ணாடியில், "ரிப்பேர் தெரிந்த ஆள் தேவை. டெஸ்ட் உண்டு. சம்பளம் மூவாயிரம்" என்று ஒட்டியிருந்தது. முதலாளி கொடுத்த இரண்டு பழுதான போன்களில் ஒன்றுக்கு ஸ்பீக்கர் மாற்றினேன். இன்னொன்றுக்குச் சார்ஜிங் பின் வைத்தேன்.

"கொள்ளாம் தம்பி, பின்னே விளிக்கிறேன்" என்று வேலையைப் பாராட்டி, பிறகு கூப்பிடுவதாக அனுப்பினார்.

நான் வாசலில் செருப்பு மாட்டும்போதே ஒரு சேச்சி வந்து, ரிப்பேர்க் காசு கொடுத்து, நான் ஸ்பீக்கர் மாற்றிய தன் போனை வாங்கிப் போனார். பக்கத்துச் சாயாக்கடைக்காரர் சிரித்தார். "தினம் ஒருத்தன் டெஸ்ட்டுக்கு வர்றான். வேலைக்குத்தான் ஒருத்தனையும் காணோம்."

சண்டை போட எனக்கு வாய் வராது. உள்ளே போய் ஈயப் பற்றை உருக்கும் ஹாட் ஏர் கன்னைச் சூடாக்கி, இன்னொரு போனில் நான் வைத்த சார்ஜிங் பின்னைக் கழற்றி எடுத்தேன்.

"எந்தாடா செய்யுற?" என்று முதலாளி கத்தினார்.

"சம்பளம் தந்தா திரும்ப வைக்கிறேன் சேட்டா."

அவர் தரவில்லை. நானும் வைக்கவில்லை.