கூடிப்போன பதினோரு நாள்

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி எழுதப் புலவர்கள் இருந்தார்கள். கரையான்சாவடி ஷாகிதாவுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே தன் விடுப்பு வரலாற்றைத் தானே எழுதினாள்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் அவள் நிரந்தரத் தொழிலாளி. 'நிரந்தரம்' என்பது அங்கே சற்று பழைய சொல். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பயிற்சியாளர்கள். பயிற்சி முடிந்து யாரும் தேறியதாகத் தகவல் இல்லை.

லீவு கேட்கும் முறை எளிது. லைன் வாட்சப் குரூப்பில் தேதியைப் போட வேண்டும். சூப்பர்வைசர் பரத் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினால் அனுமதி. அந்த மஞ்சள் கட்டைவிரலை நம்பித்தான் கல்யாணங்கள் நடந்தன, காதுகள் குத்தப்பட்டன. ஷாகிதா மட்டும் அந்த விரலை ஒரு தட்டு தட்டி, கீழே பரத்தின் பெயர் வரவைத்து, திரையைப் படம் பிடித்துக்கொள்வாள். பிறகு மகளின் மீந்துபோன பள்ளி டைரியில் எழுதுவாள்: என்றைக்குக் கேட்டது, எந்தத் தேதிகளுக்கு, யார் சரி என்றது, அந்த மாதச் சம்பளச் சீட்டில் என்ன விழுந்தது, மீதி எவ்வளவு. மாதச் சீட்டு அந்தப் பக்கத்திலேயே பின் குத்தி இருக்கும்.

"யக்கா, கட்டவெரல போட்டோ புடிக்கிறியே, ஆதாருக்கா?" என்பான் பக்கத்து மேசை நாகப்பன்.

"பால்காரனுக்குக் கணக்கு எழுதலையா? அது மாதிரிதான்."

"பால்ல தண்ணி ஊத்துவான். லீவுல இன்னாத்த ஊத்துவான்?"

இந்தத் தத்துவக் கேள்விக்கு அன்று பதில் இல்லை. ஜனவரியில் வந்தது.

ஜனவரியில் கம்பெனி நவீனமாயிற்று. லீவுக்கு ஆப். சம்பளச் சீட்டும் இனி ஆப்பில்தான். காகிதம் கிடையாது, மரங்கள் பாவம். மனிதவள மேலாளர் வெற்றிச்செல்வன் கேன்டீனில் நின்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். ஆப்பைத் திறந்து பார்த்த நாகப்பன் கூவினான்.

"யக்கா! எனுக்கு லீவு குட்டி போட்டுகீது! போன வருசம் எடுத்ததெல்லாம் அப்படியே மீதியா கீது பாரு!"

பத்மாவுக்கும் கூடியிருந்தது. லைன் முழுக்க லட்டு வாயோடு சிரிப்பு. ஷாகிதா தன் டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகப் பதினோரு நாள் கூடியிருந்தது. ஏப்ரலில் கணவர் நஜீரின் கல் ஆபரேஷனுக்கு எடுத்த பதினோரு நாள்.

அவளுக்கு லட்டு இறங்கவில்லை.

"சந்தோசப்படுக்கா. குடுக்கறவன் குடுக்கறான்."

"எடுத்த லீவு மீதிக்குத் திரும்பி வருதுன்னா, நாம அன்னிக்கு லீவுல இல்லைன்னுதானே அர்த்தம்?"

"வேலையில இருந்தோம்னு நெனச்சிகினு போவட்டுமே!"

"வருகைப் பதிவுல நாம இல்லையே, தம்பி. லீவும் இல்ல, வேலையும் இல்லன்னா நாம எங்க இருந்தோம்?"

நாகப்பன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிறகு, இன்னொரு லட்டு இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

ஷாகிதா அன்றே ஒரு காரியம் செய்தாள். தொழிலாளர் சரித்திரத்தில் இதற்கு முன் யாராவது செய்திருப்பார்களா என்பது சந்தேகம். தன் மெயிலிலிருந்து மேலாளருக்கு எழுதினாள்: 'ஐயா, ஆப்பில் எனக்குப் பதினோரு நாள் அதிகமாகக் காட்டுகிறது. அது ஏப்ரலில் நான் எடுத்த விடுப்பு. தயவுசெய்து குறைக்கவும்.' பதில் வரவில்லை. 'பதில் இல்லை' என்று தேதி போட்டு அதையும் எழுதினாள். குரூப்பைத் திறந்து ஏப்ரலுக்கு மேலே தள்ளினாள். அவள் கேட்ட செய்தி இருந்தது. கட்டைவிரல் இல்லை. நாகப்பன் கேட்டதற்கும் இல்லை. பத்மா கேட்டதற்கும் இல்லை. போட்ட விரலை எடுத்துவிட்டால் அங்கே தடம் எதுவும் நிற்காது.

பிப்ரவரியில் குற்றச்சாட்டுக் கடிதங்கள் கிளம்பின. முதலில் பத்மா. 'அனுமதியின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் பணிக்கு வரவில்லை.' பத்மாவிடம் சீட்டு எதுவும் இல்லை. மாதா மாதம் அதில்தான் மிக்சர் மடித்தாள். விசாரணை, வேலை நீக்கம் என்று போனால் பெயர் கெடும், தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மரியாதை என்று வெற்றிச்செல்வன் அண்ணன் போல எடுத்துச் சொன்னார். பத்மா மரியாதையாகப் போனாள். அடுத்து நாகப்பன். போகும்போது ஷாகிதாவின் மேசையருகே நின்றான்.

"என்னுதும் எதுனா எழுதி வெச்சிகிறியாக்கா?"

"இல்லடா. என்னோடது மட்டும்தான்."

"கரீட்டுதான்," என்று சொல்லிவிட்டு, தன் ஸ்பேனரை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு மேசைகளிலும் பயிற்சியாளர்கள் உட்கார்ந்தார்கள். இடையில் ஷாகிதா. மூன்றாவது நாற்காலியை யார் துடைப்பது என்பதுதான் பாக்கி.

அவளுக்கும் கடிதம் வந்தது.

விசாரணை அதிகாரியாகக் கம்பெனியே ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருந்தது. அவர் கம்பெனியின் காபியைக் குடித்தபடி நடுநிலையாக உட்கார்ந்திருந்தார். பரத் சுவரைப் பார்த்துச் சாட்சி சொன்னான்.

"அனுமதி குடுக்கல சார்."

ஷாகிதா அச்செடுத்த படத்தை நீட்டினாள். அதில் அவன் விரலும் பெயரும் இருந்தன.

"இந்தக் காலத்தில் படத்தை எப்படி வேணா மாத்தலாம்," என்றார் வெற்றிச்செல்வன் கனிவாக.

"மாத்தலாம் சார். இத மாத்த முடியுமா?" ஏப்ரல் சம்பளச் சீட்டைப் பின்னோடு எடுத்து வைத்தாள். சம்பளத்துடன் கூடிய விடுப்பு, பதினோரு நாள்; மீதி இவ்வளவு. கம்பெனியே அச்சடித்தது. "சொல்லாம ஓடிப்போனவளுக்கு லீவுச் சம்பளம் எதுக்கு சார் போட்டீங்க?"

வழக்கறிஞர் காபியைக் கீழே வைத்தார்.

அடுத்து மெயில். அவர் அதை இரண்டு முறை படித்தார். "லீவைக் குறைக்கச் சொல்லி நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா சார். எனக்கு வராதது எனக்கு வேண்டாம்."

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் பரத்தைப் பார்த்தார். பரத் பார்க்கச் சுவர் ஏற்கெனவே தயாராக இருந்தது. அசல் சீட்டை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஷாகிதா பார்வைக்குக் காட்டி, நகலைக் கொடுத்து, நகல் பெற்றதாக ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கூப்பிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற கம்பெனி வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் வெற்றிச்செல்வன் மட்டும்.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. முடிஞ்சிருச்சு. நல்லபடியா போங்க."

"எழுத்துல குடுங்க சார்."

"எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு சார். அந்த நம்பிக்கையத்தான் எழுத்துல கேக்குறேன்."

அவர் சிரித்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்த்தவர் போல உறையை முன்பே வைத்திருந்தார். உள்ளே முதல் தாள்: குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஷாகிதா மூச்சு விட்டாள். "வேன் போயிடும், கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க," என்றார் அவர். அடியில் இன்னொரு தாள் இருந்தது. பணித் தேவையை முன்னிட்டு ஓசூர் கிளைக்கு மாற்றம், உடனடியாகச் சேரவும். ஆணையின் தேதியைப் பார்த்தாள். பதினைந்து நாளுக்கு முந்தியது.

அதாவது, இன்று காலை இங்கே ஒயர் கட்டிக்கொண்டிருந்த ஷாகிதா, பதினைந்து நாளாக ஓசூரில் அனுமதியின்றிப் பணிக்கு வராதவள்.

வெளியே ஹாரன் அடித்தார்கள். வெற்றிச்செல்வன் பேனாவை மூடி திறந்தே நீட்டினார். ஷாகிதா தன் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், 'இன்றுதான் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதியும் மணியும் போட்டாள். இரண்டு பிரதியிலும் போட்டாள்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதிலிருந்து விலகிக்கொண்டன.

வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஷாகிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பிரதியில நீங்களும் போடுங்க சார்," என்றாள். "நான் நெடுஞ்சாலையில பஸ் புடிச்சுக்கறேன்."