கத்தரிக்குப் பச்சைதான் தெய்வம்

சினிமாவுக்கு சப்டைட்டில், அதாவது வசனப்பட்டி, போடும் எங்கள் அலுவலகத்தில் அவரைக் கத்தரி என்போம். முகத்துக்கு நேராகவே சொல்வோம்; அவருக்கு அது பட்டம். பாரசீக மொழி பேசும் ஊரில் எட்டு வருடம் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். அங்கிருந்து கொண்டு வந்தது அந்த மொழியும், எதையும் குறைத்து அனுப்பும் பழக்கமும். முதலாளி அவருடைய அக்கா புருஷன். வேறு தகுதி எதுவும் அவரிடம் இருந்ததாக நான் கண்டதில்லை.

பாரசீகப் படத்தில் நடிகர் பேசுவதை ஆங்கிலத்தில் சுருக்கித் திரையடியில் போட வேண்டும். இரண்டு வரிக்கு மேல் கூடாது. ஒரு வரியில் நாற்பத்திரண்டு எழுத்து. பார்ப்பவர் வினாடிக்குப் பதினேழு எழுத்துதான் படிப்பார் என்று எங்கள் கணக்கு. மீறினால் கணினித் திரையில் அந்த வரி சிவக்கும்; அடங்கினால் பச்சை. கத்தரியின் வாழ்க்கை இலட்சியம் பச்சை. பத்து சொல் வைக்க இடமிருந்தாலும் இரண்டு சொல் வைத்துவிட்டு, வெற்றி பெற்றவர் போலச் சாய்ந்துகொள்வார். வீட்டிலும் அப்படித்தான். மனைவி கால்மணி நேரம் பேசினால், "சரி, பால் வாங்கணும். அவ்வளவுதானே?" என்பார்.

ஏற்கெனவே இரண்டு இயக்குநர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். "இன்னொண்ணு வந்துச்சுன்னா, உங்க அக்கா அழுதாலும் இந்த நாற்காலி உங்களுக்கு இல்ல மச்சான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த நிலையில்தான் மூன்றாவது படம் வந்தது.

கதை எளிது. வாசலுக்கு வந்த உறவினனை வீட்டுக்காரர் உபசாரத்துக்கு மூன்று முறை அழைக்கிறார். அந்த ஊர் மரியாதைப்படி வந்தவன் மறுக்க வேண்டும். இவன் மறுக்காமல் செருப்பைக் கழற்றி உள்ளே போய் ஒரு வருடம் தங்கிவிடுகிறான். கடைசியில் வீட்டுக்காரர், "மூன்று முறை அழைத்தேன், ஒரு முறையாவது மறுத்தாயா?" என்று வெடிக்கிறார். படமே அந்த வெடிப்புதான்.

கத்தரி வாசல் காட்சிக்கு 'கம் இன்' என்று ஒரே ஒரு முறை போட்டிருந்தார். மற்ற இரண்டு அழைப்புகளும் வெறும் திரை. படம் திரைப்பட விழாக்குழுவுக்குப் போகுமுன் பார்க்க வந்த, தமிழும் பேசும் இயக்குநர் அம்மாள், எங்கள் பார்வை அறையில் எழுந்து நின்றுவிட்டார்.

"மீதி ரெண்டு எங்கே?"

"திரும்பச் சொன்னதை வெட்டலாம்மா. அது விதி."

"அங்கே எட்டு வருஷம் இருந்தீங்களே, மூணு தடவை ஏன் கூப்பிடுவாங்கன்னு தெரியாதா?"

"தெரியும். மரியாதைக்கு. மரியாதையெல்லாம் ஆங்கிலத்துல இடத்தை அடைக்கும்."

தெரிந்தே செய்தவர்! அறியாமை என்றால்கூட மன்னித்திருப்பேன்.

"வீட்டுக்காரர் பேசிட்டு வாசல்ல கிடக்கற செருப்பை ஒதுக்கி வைக்கிறார். ரெண்டு வினாடி சும்மாதானே இருக்கு?" என்றார் அம்மாள். "அதுல முப்பத்து நாலு எழுத்து போடலாம். 'ஸ்டே. தி ஹவுஸ் இஸ் யுவர்ஸ்.' இருபத்தஞ்சுதான். இப்ப பார்க்கறவங்களுக்கு வீட்டுக்காரர் பொய்யராத் தெரியறார். கூப்பிட்டதே ஒரு தடவை, மூணுங்கறார்னு நினைப்பாங்க."

"ஆனா ஒரு சிவப்புகூட இல்லையே, பாருங்க" என்று கத்தரி திரையைத் திருப்பிக் காட்டினார்.

அம்மாள் பார்த்தார். திரையை அல்ல, அவரை. பிறகு முதலாளியின் அறைக்குப் போனார். விடுபட்ட இரண்டு வரிகளையும் நானே உட்கார்ந்து போட்டேன். இரண்டும் பச்சையாகவே நின்றன. கத்தரி எட்டிப் பார்த்துவிட்டு, "இடத்தை வீணாக்குறீங்க" என்றார்.

மாலையில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்தபடியே பேசினார். கதவு திறந்திருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"மச்சான், உங்களால இந்த ஆபீசுக்கு எவ்வளவோ உதவி. கண்ணும் களைச்சுப் போச்சு, பாவம். கொஞ்ச நாள் வீட்ல நிம்மதியா இருங்க. இது உங்க ஆபீஸ், எப்ப வேணா வாங்க."

கத்தரி தலையாட்டிவிட்டுப் போனார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்.

மறுநாள் காலை கத்தரி எனக்கு முன்பே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன மச்சான், நேத்து அவ்வளவு சொன்னேனே?"

"சொன்னீங்களே அத்தான். 'எப்ப வேணா வாங்க'ன்னு. மத்ததெல்லாம் உபசாரம், வெட்டிட்டேன்."

முதலாளி பையைக் கீழே வைத்தார். வாழ்நாளில் முதன்முறையாக மச்சானுக்குப் புரியும் அளவில் பேசினார்.

"வேலை இல்லை. எழுந்திரிங்க."

கத்தரி எழுந்தார். அதில் வெட்ட ஒன்றும் இல்லை.