இழுத்து அளந்த கடல்

அவிநாசிபாளையத்தில் இளங்கோ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கப்பல்காரர்’ என்று கேட்டால் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட எழுந்து வந்து வீட்டைக் காட்டுவார். சுற்றிலும் பத்து ஊர்ப் பையன்கள் பள்ளிக்கூடம் முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியபோது, இவன் ஒருவன்தான் சென்னைக்குப் போய்ப் படித்துக் கடலுக்குப் போனான். கல்யாண வீட்டில் யாராவது, “கப்பல்ல என்னங்க வேலை?” என்று கேட்டால், “வழி போடற வேலைங்க” என்பான். சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். அதில் வரும் மரியாதைக்காகவே இவன் லீவில் வருகிறான் என்று அவனுடைய தங்கை பூங்குழலி கேலி செய்வாள். கேலியில் பொய் இல்லை.

2006-இல் அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாவது ஆபீசர். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு எப்படிப் போவது என்று வரைபடத்தில் கோடு போடுவது இரண்டாவது ஆபீசரின் பொறுப்பு. அந்த மேஜை, அந்தப் பென்சில், தூரம் அளக்கும் டிவைடர் எல்லாம் அவனுடையவை. கேட்காமல் இன்னொருவர் தொடுவது வழக்கமில்லை. சீஃப் ஆபீசர் பரீட்சை எழுதித் தேறியாகிவிட்டது. கேப்டன் நல்லபடியாக ஒரு ரிப்போர்ட் எழுதினால் அடுத்த கப்பலில் கேப்டனுக்கு அடுத்த இடம், சீஃப் ஆபீசர். அதற்காகத்தான் அவன் அந்தக் கப்பலில் எட்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

ஜப்பானில் யோகோஹாமா துறைமுகத்தில் புதிதாக மூன்றாவது ஆபீசர் ஏறினான். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, “அண்ணே, நீங்க அவிநாசிபாளையந்தான?” என்றான். பெயர் முனீஸ். சிவகாசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அவனுடைய அம்மா ராமுத்தாய், இளங்கோவின் அப்பா சாமியப்பன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அதே பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில், தைத்த பீஸில் குறை பார்க்கிறவள்.

இளங்கோ சிரித்தான். மனசு மட்டும் சிரிக்கவில்லை. கடல் எவ்வளவு பெரியது, அதில் இவன் இந்தக் கப்பலில்தான் வந்து ஏற வேண்டுமா?

அன்று சாயங்காலம் துறைமுக டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினான். அப்பா குசலம் விசாரிக்கவே இல்லை. “ஏங் கண்ணு, நம்ம ராமுத்தாயி பையன் உங்கூடத்தான் ஏறியிருக்கறானாமா? கம்பெனில பூரா அதேதான் பேச்சு. ரொம்பக் கெட்டிக்காரனாமா!”

“ஆமாங்கப்பா” என்றான் இளங்கோ. கார்டில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. வைத்துவிட்டான்.

கேப்டன் ரொட்ரிகோ தூத்துக்குடிக்காரர். அவரும் முனீஸும் பேச ஆரம்பித்தால் அது தனி ராகம். பொரிச்ச பரோட்டா, பனங்கிழங்கு என்று போகும். இளங்கோவும் தமிழன்தான், ஆனால் அந்தப் பேச்சில் அவனுக்கு இடமில்லை. எட்டு மாதம் ‘சார் சார்’ என்று இவன் நின்ற இடத்தில், நேற்று வந்தவன் உட்கார்ந்துவிட்டான் என்று மனசு குமைந்தது.

அடுத்த பயணம் சான்பிரான்சிஸ்கோவுக்கு. பசிபிக் முழுவதையும் குறுக்கே தாண்ட வேண்டும். கேப்டன் இளங்கோவைக் கூப்பிட்டு, “ரெண்டு வழியும் போட்டுப் பாருங்க தம்பி. ஒரே திசையப் பிடிச்சுப் போனா எவ்வளவு, பெருவட்டத்துல போனா எவ்வளவு? ஜூலை மாசம், வடக்க பெரிய புயல் இருக்காது. சரக்குக்காரன் சீக்கிரம் வரச் சொல்லுதான்” என்றார்.

விஷயம் இதுதான். பூமி உருண்டை. இரண்டு ஊருக்கு நடுவே உருண்டையின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது போகும் வழிதான் மிகக் குறைந்த தூரம். அதுவே பெருவட்டப் பாதை. ஜப்பானிலிருந்து அது வடகிழக்கே ஏறி, நாற்பத்தெட்டாவது அட்சரேகை வரை போய், பிறகு தென்கிழக்கே இறங்கும். கப்பலின் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றது, கிளம்பும்போது காம்பஸில் 88 டிகிரி பிடித்தால் அமெரிக்கா வரும்வரை அதே 88. மாலுமிக்குச் சுகம், ஆனால் தூரம் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், மேஜைமேல் விரிக்கும் கடல் வரைபடத்தில் இந்த 88 டிகிரிப் பாதைதான் நேர்கோடாகத் தெரியும். குறுக்குவழி வில்லாக வளைந்து நீளமாகத் தெரியும். உருண்டையைத் தட்டைக் காகிதமாக்கும்போது வடக்கே போகப் போகப் படம் இழுபட்டிருக்கும். அதனால் வரும் ஏமாற்று.

இளங்கோ முதலில் நேர்கோட்டை அளந்தான். 4714 கடல் மைல். மறுநாள் காலை பெருவட்டத்தைக் கணக்குப் போடலாம் என்று கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்கு வந்தால், மேஜையில் அவனுடைய வரைபடத்தின்மேல் வளைவாகப் புள்ளிகள் வைக்கப்பட்டிருந்தன. பத்துப் பத்து தீர்க்கரேகைக்கு ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி சின்ன நேர்கோடு. கப்பல் நிஜத்தில் பெருவட்டத்தில் அப்படித்தான் போக முடியும், துண்டு துண்டாக.

“உங்களுக்கு வேலை மிச்சமாகுமேன்னு வச்சேண்ணே. தூரம் இன்னும் பாக்கல” என்றான் முனீஸ். பக்கத்தில் கேப்டன் தேநீர்க் கோப்பையோடு நின்று, “புள்ளி அழகா வச்சிருக்கான், பாத்தீங்களா?” என்றார்.

இளங்கோவுக்குக் காது மடல் சுட்டது. என் மேஜை, என் பென்சில், என் கேப்டன். இந்த வளைவு நீளம் என்று இப்போதே, இவர் முன்னாலேயே காட்டிவிட வேண்டும். கணக்குப் போட உட்கார அவனுக்குப் பொறுமை இல்லை. நேற்று நேர்கோட்டை அளக்க முப்பத்தாறாவது அட்சரேகைக்குப் பக்கத்தில், வரைபட ஓரத்து அளவில் வைத்து விரித்த டிவைடர் அப்படியே கிடந்தது. அதைத் தூக்கிப் புள்ளிக்குப் புள்ளி நடத்தினான். எண்ணி முடித்தபோது ஐயாயிரத்து ஐம்பது வந்தது.

“சார், பெருவட்டம் குறையலீங்க. முந்நூறு மைலுக்கு மேல ஜாஸ்திங்க” என்றான். குரலில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

கேப்டன் புருவத்தைத் தூக்கினார். “அதெப்படி?”

முனீஸ் டிவைடரைப் பார்த்தான். அப்புறம் இளங்கோவைப் பார்த்தான். ஒரு கணம்தான். “புள்ளி வச்சதுல நாந்தான் தப்பு பண்ணிருப்பேன் சார். அண்ணன் ஒரு தடவ சரிபாத்துட்டா போதும்” என்றான்.

கேப்டன் கீழே போனதும் முனீஸ் மெதுவாகச் சொன்னான். “அண்ணே, அளவு நாப்பத்தெட்டுல எடுக்கணும்லா. முப்பத்தாறுல விரிச்சத அங்க கொண்டு போனா, இழுத்துப் பிடிச்ச துணிய அளந்த மாதிரி ஆயிரும்.”

இளங்கோ டிவைடரைக் கீழே வைத்தான். தூரம் அளக்கும் இடத்துக்கு நேரே பக்கவாட்டில் உள்ள அட்சரேகை அளவைத்தான் எடுக்க வேண்டும், வடக்கே படம் இழுபட்டிருப்பதால் அங்கே ஒரு மைலின் அளவும் பெரிது. அது முதல் வருஷப் பாடம். அதைவிடக் கேவலம், கட்டிங் மாஸ்டர் மகன் செய்த தப்பு இது. பனியன் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒருநாள் தளர விடாமல், இழுத்தபடி அளந்து வெட்டினால் பீஸ் சுருங்கும் என்று அப்பா சாப்பிடும்போதுகூடச் சொல்வார்.

இவன் என்னைக் காப்பாற்றிவிட்டானே என்று நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காப்பாற்றுகிற இடத்தில் இவன், காப்பாற்றப்படுகிற இடத்தில் நானா என்று இன்னும் எரிந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டான். 4475. நேர்கோட்டைவிட 239 மைல் குறைவு. மணிக்குப் பதினாலு கடல் மைல் வேகத்துக்குப் பதினேழு மணி நேரம் மிச்சம். முனீஸ் வைத்த புள்ளிகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. இளங்கோ அவற்றை ரப்பரால் அழித்தான். அதே இடங்களில் தன் கையால் திரும்ப வைத்தான்.

“புள்ளியெல்லாம் திருத்தியாச்சா?” என்று கேட்டார் கேப்டன்.

“திருத்திட்டனுங்க சார்.”

இரண்டே வார்த்தைப் பொய். வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முனீஸ் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் பெருவட்டத்தில் போனது. 54 டிகிரியில் கிளம்பி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் திருப்பி, வடக்கே இரண்டு நாள் பனிமூட்டத்தில் சங்கு ஊதிக்கொண்டே ஊர்ந்து, பிறகு தென்கிழக்கே இறங்கியது. மூட்டத்தில் வேகம் குறைத்தும் முன்கூட்டியே சேர்ந்துவிட்டது. சரக்குக்காரர் பாராட்டி எழுதினார். கேப்டன் இளங்கோவுக்கு நல்ல ரிப்போர்ட் எழுதினார். இரண்டாவது ஆபீசர் இடம் காலியாகிறதே, முனீஸுக்கு அதைக் கொடுக்கலாமா என்று கப்பல் கம்பெனி கேட்டதற்கு, ‘வரைபட வேலையில் இன்னும் கவனம் வேண்டும், இன்னொரு கான்ட்ராக்ட் மூன்றாவது ஆபீசராகவே இருக்கட்டும்’ என்று எழுதினார்.

இளங்கோ சீஃப் ஆபீசராக ஊருக்கு வந்தான். வாசலில் செருப்புக் குவிந்தது. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ராமுத்தாய் வந்தாள். கையில் மிக்சர் பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமும். கம்பெனித் துணியின் நூல் பிசிறு இன்னும் முடியில் ஒட்டியிருந்தது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“தம்பி, நீங்க இல்லன்னா கப்பலே வழி மாறிப் போயிருக்கும்னு எம்மவன் போன்ல சொன்னான். அண்ணன்தான்மா என் கணக்கத் திருத்துனாருன்னான். இன்னொரு வருஷம் அதே வேலைலயே இருக்கச் சொல்லிட்டாங்களாம். இருக்கட்டும். தப்பு பண்ணுனா இருந்துதான ஆகணும்? அவனுக்கு நீங்கதான் நாலு நல்லது சொல்லிக் குடுக்கணும்.”

சாமியப்பன் பெருமையோடு மகனைப் பார்த்தார். இளங்கோவுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் எதற்காக வெந்தானோ அது இப்போது முழுசாகக் கையில் இருந்தது, அவனால் அதைப் பிடிக்க முடியவில்லை. முனீஸின் மூளைமேல் இல்லை இப்போது பொறாமை. விட்டுக்கொடுத்ததை அம்மாவிடம்கூடச் சொல்லிக்காட்டாத அந்த மனசு தனக்கில்லையே என்ற பொறாமை. அதுதான் இன்னும் மோசமாக அறுத்தது.

“இல்லீங்கம்மா” என்றான். “தப்பு அவனோடது இல்லீங்க. நாந்தான் தப்பா அளந்தேன். பழிய அவம்மேல விட்டுட்டேன்.”

சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பூங்குழலி உள்ளே போய்விட்டாள். ராமுத்தாய் மட்டும் சிரித்தாள்.

“எம்மவனும் இப்பிடித்தான் தம்பி. அடுத்தவன் தப்பத் தூக்கித் தன் தலைல போட்டுக்குவான். நீங்களும் அவன மாதிரியேதான் இருக்கீங்க.”

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். மறுபடி கூப்பிட்டுச் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனான். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கேப்டனுக்கும் கப்பல் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு ஈமெயில் அடித்தான். முப்பத்தாறாவது அட்சரேகையில் விரித்த டிவைடரால் நாற்பத்தெட்டை அளந்தது நான். முனீஸின் புள்ளிகள் அத்தனையும் சரி. அழித்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். இரண்டாவது ஆபீசர் இடம் அவனுக்குச் சேர வேண்டியது. சீஃப் ஆபீசர் வேலை போனாலும் போகும் என்று தெரிந்தே அடித்தான்.

கீழே பெயர் போடும்போது, பழக்கத்தில் ‘சீஃப் ஆபீசர்’ என்று சேர்த்துவிட்டிருந்தான். அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, வெறும் ‘இளங்கோ’ என்று வைத்து அனுப்பினான்.