மைனியின் வாட்சும் ராத்திரி டூட்டியும்

"என்னைய ஒருத்தரும் ஒறங்க விடமாட்டிய, இல்லியா?"

என் மைனி, அதாவது அண்ணன் மனைவி ஜெபகுமாரி, வீட்டுக்குள் நுழையும்போது சொல்வது இதைத்தான். தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பச்சைப்பிள்ளை வார்டில் நர்ஸ். ஒரு வாரம் பகல் டூட்டி, அடுத்த வாரம் ராத்திரி டூட்டி. காலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். வீட்டில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். அதே மூக்கடைத்த குரலில், அதே ராகத்தில் நான் திருப்பிச் சொன்னால், "ஏட்டி ரெனிஷா, எனக்க சத்தத்தை எடுத்தாச்சில்லா, அப்படியே டூட்டிக்கும் நீயே போ" என்பாள்.

கல்யாணம் முடிந்து மூன்று வருடம். அண்ணன் எபின் தோகாவில். வருடத்துக்கு முப்பது நாள் லீவு. பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், குடையை விரிப்பதற்கு முன்னாலேயே யாராவது ஒரு மாமி வந்து, தேன் தடவின குரலில் கேட்பார்கள்: "விசேஷம் ஒண்ணும் இல்லியா மக்கா?"

மைனி முகம் மாறாமல் சொல்வாள்: "வார்டுல நெறைய கெடக்கு மாமி. ஆணு வேணுமா, பெண்ணு வேணுமா?"

இப்படிச் சொல்லுகிறவளுக்கு வருத்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். இருந்தது. அது தெரிந்துதான் அண்ணன் ஒரு ஸ்மார்ட் வாட்சை அனுப்பினான்.

தோகாவுக்குப் போனதிலிருந்து அண்ணன் மேனேஜர் மாதிரித்தான் பேசுவான். "டேட்டா பொய் சொல்லாது" என்று தொடங்கினான். மாதவிலக்குத் தேதிகளை மைனி ஆப்பில் போட வேண்டும். ராத்திரி உறங்கும்போது வாட்ச் கையில் சூடு பார்க்கும். எல்லாம் சேர்த்து, பிள்ளை தங்க வாய்ப்புள்ள நாட்களை ஊதா நிறத்தில் காட்டும். அண்ணனுடைய போனிலும் அது தெரியும். முப்பது நாள் லீவை மூன்று பத்தாக முறித்து, ஊதா நாட்களைக் குறிவைத்து வந்து இறங்குவது என்பது அவன் திட்டம். "ஒரு ராத்திரி கூட கையில இல்லாம இருக்கப்பிடாது, கேட்டியா? ஒரு நாளு விட்டா கிராஃபு கெட்டுப் போவும்" என்று வீடியோ காலில் கத்திச் சொன்னான். அம்மா செல்லபாய் பக்கத்தில் இருந்து பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராத்திரி டூட்டிக்கு முன்னால் கொஞ்சம் கண்ணயரலாம் என்று மைனி படுக்கப் போன நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். டிக்கெட் பார்த்தாயிற்று, ஊதா நாள் தெளிவாக விழுந்திருக்கிறது, ராத்திரிக்குள் காசு கட்டிவிடுவேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா வாட்சுல ஒனக்க ஸ்ட்ரெஸ்ஸு செரியில்ல. சில வாரம் ராத்திரி எட்டரை ஆனா நூத்துக்கு எம்பதுக்கு மேல போவுது. வீட்டுல என்ன நடக்கு? அம்மா, அவளைக் கொஞ்சம் சும்மா விடுங்க."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நான் என்னலே செய்தேன்? டூட்டிக்குப் போறவளுக்கு மீன் பொரிச்சுக் குடுத்து விடுகேன். அதுக்கா அவளுக்கு வெப்ராளம்?"

வாட்ச் ஸ்ட்ரெஸ் என்று சொல்வதற்கு அம்மாவின் வார்த்தை வெப்ராளம்.

"எட்டரைக்கு நான் வார்டுல இல்லியா நிக்கேன்" என்றாள் மைனி. "பச்சைப்பிள்ளையைத் தொடுக கையில, முழங்கைக்குக் கீழ ஒண்ணும் போடப்பிடாது. வாட்சைக் கழத்தி வீட்டுல வச்சிட்டுத்தான் போவேன்."

அண்ணன் போனில் எதையோ நகர்த்திப் பார்த்தான். "அந்த ராத்திரியெல்லாம் நல்லா ஒறங்கினதா காட்டுதே. டூட்டியில ஒறங்குதியா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வருடக்கணக்காக உறங்க விடவில்லை என்று புலம்புகிறவள் மேல், உறங்கினாய் என்று ஒரு குற்றம். மைனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைப் பொத்தினேன்.

"ராத்திரி அது யாருக்க கையில கெடந்துது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அம்மா முறத்தைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீதானேலே சொன்ன, ஒரு ராத்திரியும் விடப்பிடாதுன்னு. இவ டூட்டிக்குப் போனா அது சும்மா கெடக்கு. கிராஃபு கெட்டுப் போவாண்டாமேன்னு நான் கெட்டிக்கிட்டேன். காலத்த இவ வாறதுக்கு முன்னால கழத்தி மேசையில வச்சிருவேன்."

காலையில் மைனியின் போன் வீட்டுக்குள் வந்ததும், ராத்திரி முழுக்க அம்மா கையில் சேர்ந்ததை வாட்ச் அப்படியே மைனி கணக்கில் இறக்கிவிடும். எட்டரைக்கு அம்மாவுக்கு சீரியல். அதில் வரும் மாமியார் அழத் தொடங்கினால் அம்மா அசையாமல் உட்கார்ந்து கொதிப்பாள். கையில் வாட்ச் துடிக்கும். "மூச்சை மெதுவாக இழுங்கள்" என்று வாட்சின் குரலில் நான் சொல்வேன். அம்மா இழுப்பாள். அம்மா மைனியின் வாட்சைத்தான் கட்டியிருக்கிறாள் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேடிக்கையில் அது மண்டையில் ஏறவில்லை.

மைனி தன் போனில் உடம்புச் சூடு ஏறி இறங்கும் கிராஃபை வாரவாரமாக விரித்தாள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த டூட்டி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ராத்திரி டூட்டி வாரம் வந்தால் கோடு மேலே, பகல் டூட்டி வாரம் வந்தால் கீழே. படிக்கட்டு மாதிரி.

"கருமுட்டை வெளிய வந்த பொறவு சூடு கொஞ்சம் ஏறும், அது உள்ளதுதான். இது அந்த ஏத்தம் இல்ல அத்தான். ஆளு மாறின ஏத்தம். மாமிக்கு ராத்திரி ஒடம்பு கொதிச்சு வேர்க்குமில்லா, அதையும் சேத்து எழுதியிருக்கு."

"அப்போ அந்த ஊதா நாளு?"

"பாதி எனக்க, பாதி ஒங்க அம்மைக்க."

"எனக்கு அது நின்னு எத்தன வருசம் ஆச்சு" என்றாள் அம்மா, முறத்தைப் பார்த்தபடி.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். பிறகு மேனேஜர் குரல் திரும்பி வந்தது. "செரி. இனி நீயே கெட்டு. டிக்கெட்டை அடுத்த மாச ஊதாவுக்கு மாத்துகேன்."

"நானே கெட்டினாலும், அந்தச் சூடு ஏறினா முட்டை வந்தாச்சுன்னுதான் அர்த்தம். நாரோயில் பஸ்ஸு போன பொறவு ஸ்டாண்டுல வந்து நிக்கது போல. வரப்போற நாளை அது பழைய தேதிய வச்சுக் குத்துமதிப்பாச் சொல்லுது. டூட்டி மாறி மாறி வாற எனக்குத் தேதி எங்க ஒழுங்கா வருது? ரெண்டு மூணு மாசம் ஒரே கையில, ஒழுங்கா ஒறங்கிப் பாத்தாத்தான் எனக்க போக்கு என்னன்னாவது தெரியும்."

அம்மாவுக்கு வேறு கவலை. "அப்போ எனக்கு வெப்ராளம் உண்டா, இல்லியா பிள்ளே?"

மைனி சிரித்துவிட்டாள். "அது நெஞ்சு துடிக்க இடைவெளிய எண்ணுது மாமி. சந்தோசமா, சங்கடமா, கட்டஞ்சாயா குடிச்சியளா, ஒண்ணும் அதுக்குத் தெரியாது. ஒரு நாளு எம்பதுன்னா தள்ளுங்க. ஒங்களுக்க கணக்கே வாரக்கணக்கா ஏறிக்கிட்டே போனா, அப்பம் பாப்போம்."

போனில் அண்ணன் குரல், மேனேஜர் எல்லாம் இறங்கி, எங்கள் வீட்டு எபினாக வந்தது. "அப்போ நான் எப்பம்தான் வரணும்? வாட்சு சொல்லாட்டி யாரு சொல்லுவா?"

மைனி தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"நான் சொல்லுகேன் அத்தான். பத்துப் பத்தா முறிச்சு வராண்டாம், முப்பது நாளையும் ஒண்ணா எடுத்துட்டு வாங்க, அந்த நாளு அநேகமா அதுக்குள்ளதான் வரும். அந்த மாசம் நான் பகல் டூட்டி கேட்டு வாங்குகேன். அதுக்கும் பொறவு ஒண்ணும் இல்லேன்னா ரெண்டு பேருமா டாக்டரைப் பாப்போம். வாட்சு மாமி கையிலயே கெடக்கட்டும், ரெனிஷா அவியளுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் குடுப்பா, நீங்க அங்க இருந்து ஒங்க அம்மைக்க வெப்ராளத்தை வாரக்கணக்கா பாத்துக்கிட்டு இருங்க. இப்பம் போனை வைங்க, என்னைய ஒறங்க விடுங்க."