அடுக்குக்கு மறுபக்கம் கிடையாது

மாத்தளையில் ஆசிரியத் தொழில் பார்த்த நாட்களில், என் பொறுமையை முழுமையாகச் சோதித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் பாடசாலையிலேயே கணிதம் கற்பித்தவர். என்னிலும் சில வயது மூத்தவர். பட்டணத்து மிளகுக் கடைக் குடும்பத்தில் பிறந்த முஸ்லிம் அன்பர். அண்ணனை முஸ்லிம்கள் விளிக்கும் முறையில் நான் அவரை நானா என்று அழைப்பேன்; அவர் என்னை மாஸ்டர் என்பார். இருவரும் பல்கலைக்கழக வாசலை மிதியாதவர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் வெளிவாரிப் பட்டத்துக்குத் தாமே படித்துத் தேறத் துணிந்தவர்கள்.

எனக்கு அந்தப் பட்டம் ஓர் ஆசை, அவருக்கோ வாழ்வாதாரம். பாடசாலையில் உயர்தர வகுப்பு தொடங்க அனுமதி வந்திருந்தது. நானா பட்டம் பெற்றால் அந்தக் கணித வகுப்பு அவருக்கு. தவறினால் வெளியிலிருந்து ஒரு பட்டதாரி வருவார், நானா வடக்கே நாலந்தா என்ற சிற்றூருக்கு அப்பால் ஏதோவொரு சின்னப் பாடசாலைக்கு மாற்றப்படுவார். தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்தார், எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவர். "இந்த முறை பாஸ் பண்ணாட்டி நான் ஒண்டும் செய்யேலாது, பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ" என்று நானாவிடம் நேரிலேயே கூறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா எனப்படும் பௌத்தப் புனித தினங்களில் விடுமுறை விட்ட காலம் அது. போயாதோறும் நானாவின் கடைக்குப் பின்னிருந்த களஞ்சிய அறையில் அமர்ந்து படிப்போம். மிளகு மூட்டைகளின் நடுவே இருவரும் மாறிமாறித் தும்முவது அப்படிப்பின் பிரிக்க முடியாத அங்கம்.

புள்ளிவிபரவியலில் செவ்வன் பரம்பல் என்றொரு வளைகோடு உண்டு. மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்றது. e என்னும் எண்ணின் தலைமேல் அடுக்காகக் கழித்தல் அரை x வர்க்கத்தை ஏற்றினால் அது கிடைக்கும். அதன் கீழுள்ள மொத்தப் பரப்பு இரண்டு π இன் வர்க்கமூலம் என்பதை நூல் முன்னமே தந்திருந்தது. அடுத்து வந்த கணக்கு, அதே அடுக்கில் கூட்டல் t x என்றோர் ஒருபடி உறுப்பையும் சேர்த்துத் தொகையிடச் சொன்னது. அடுக்கை வர்க்கப் பூர்த்தி செய்தால் பழைய மணியே சற்று நகர்ந்து நிற்கும். எஞ்சியது ஒரு காரணியாக வெளியே வரும். வர்க்கப் பூர்த்தியோ நாங்கள் இருவரும் வருடக்கணக்காக மாணவருக்குப் புகட்டிய பண்டம். இதில் என்ன சிரமம் என்று தனித்தனியே செய்தோம்.

இருவருக்கும் ஒரே விடை வந்தது. வெளியே வந்த காரணி, e இன் அடுக்குக் கழித்தல் t வர்க்கம். நூலின் பின்பக்கத்திலோ, e இன் அடுக்குக் கூட்டல் அரை t வர்க்கம் என்றிருந்தது.

நானா சிறிதும் கலங்கவில்லை. அந்நூலில் முன்னமே இரண்டு அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்தவர் அவர். "ரெண்டு பேர் தனித்தனியாச் செஞ்சு ஒரே விடை வந்திரிக்கி. அச்சுக் கோக்கிறவனுக்கு என்ன கணக்கா தெரியும்?" என்று கூறிப் பென்சிலை எடுத்து, விடையின் ஓரத்தில் அச்சுப்பிழை என்று எழுதினார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் காரணியை t குறித்து இருமுறை வகையிட்டு t க்குப் பூச்சியம் இட்டால், பரம்பலின் மாறற்றிறன் வரவேண்டும் என்று அடுத்த பக்கம் கூறிற்று. நூலின் விடையிலிருந்து ஒன்று வந்தது. எங்கள் விடையிலிருந்து வந்தது கழித்தல் இரண்டு. மாறற்றிறன் என்பது வர்க்கங்களின் சராசரி. அது எவ்வாறு பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்? இன்னொரு வழியும் காட்டினேன். x ஐயும் கழித்தல் x ஐயும் சோடியாக எடுத்தால், புதிய உறுப்பு ஒரு பக்கத்தில் குறைப்பதைவிட மறுபக்கத்தில் அதிகமாகவே கூட்டும். ஆகவே பரப்புப் பெருகவேண்டும். எங்கள் காரணியோ அதைச் சுருக்கியது.

நானா யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தேநீரும் ஊற்றித் தந்தார். "நீங்க சொல்றது சரி மாஸ்டர். ஆனா என்ட வழியில எந்த வரி பிழை? அதக் காட்டுங்க. வரி பிழையில்லாம விடை எப்பிடிப் பிழைக்கும்?"

அதுதானே என்னால் இயலவில்லை. என்னுடைய வழியும் அதே வரிகளால் ஆனதாயிற்றே. அடுத்த போயாவும் இவ்வாறே கழிந்தது. அதற்கடுத்ததும் கழிந்தது. மற்றப் பாடங்கள் பின்தங்கின. நான் குரலை உயர்த்தினேன் என்பதையும், மிளகு மூட்டையொன்றைக் காலால் எற்றிக் கால்தான் நொந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. எதிர்காலமே தராசில் ஆடுகின்ற ஒருவர், தம் கணக்குக்குப் பதிலாக அச்சுக் கோப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தும்மிக்கொண்டிருந்தார்.

விடை பாடசாலையிலேயே கிடைத்தது. எங்கள் மண்டபத்தில் வகுப்புகளுக்கிடையே முழுச் சுவர் கிடையாது, மார்பளவு மறைப்புத்தான். ஒருநாள் நான் பூமிசாத்திரம் நடத்திக்கொண்டிருக்கையில், பக்கத்து வகுப்பில் நானா இருபடிச் சமன்பாட்டைத் தொடங்கினார். அவருடைய மாணவர் அந்த முறையைப் பாட்டாகவே ஒப்பிப்பார்கள்: "முதல்ல வகு, பாதியை எடு, வர்க்கமாக்கு, ரெண்டு பக்கமும் கூட்டு." ஒரு பிள்ளை, வகுத்த எண்ணைப் பிறகு என்ன செய்வது என்று கேட்டாள். நானாவின் குரல் மறைப்பைத் தாண்டி வந்தது. "அத மறந்துடுங்க. மறுபக்கம் சைபர்தானே புள்ள, சைபர எதால வகுத்தாலும் சைபர்தானே."

சுண்ணக்கட்டியைக் கீழே போட்டேன். அடுக்குக்கு மறுபக்கம் ஏது? அங்கே சமன்பாடு இல்லை, சைபரும் இல்லை. கழித்தல் அரையால் வகுத்துவிட்டு x வர்க்கம் கழித்தல் இரண்டு t x என்று எழுதுகையிலேயே, நாங்கள் அந்த அரையைப் பழக்கதோஷத்தால் மறந்திருந்தோம். அதை வர்க்கப் பூர்த்தி செய்தால், x கழித்தல் t முழுவதின் வர்க்கம், கழித்தல் t வர்க்கம். மணிக்குக் கழித்தல் அரை வேண்டுமே என்று வர்க்கத்தின் முன் மாத்திரம் அதைத் திரும்ப வைத்தோம். எஞ்சிய கழித்தல் t வர்க்கத்தை அது தொடவேயில்லை. தொட்டிருந்தால் கழித்தலும் கழித்தலும் சேர்ந்து கூட்டல் அரை t வர்க்கம் ஆகியிருக்கும். இருபடிச் சமன்பாட்டை நீண்டகாலம் கற்பித்த இருவருக்கே வாய்க்கக்கூடிய தவறு. இருவரும் ஒத்துப்போனதில் வியப்பேயில்லை.

மறைப்பின் மேலாகத் தலையை நீட்டி, "நானா, வகுத்தத எங்க வச்சீங்க?" என்றேன். இரண்டு வகுப்பும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் வகுத்த எண்ணைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, "இன்டைக்கி இது போதும்" என்று மாணவரை உட்காரச் சொன்னார்.

பரீட்சைக்குக் கொழும்பு சென்றோம். புள்ளிவிபரவியல் வினாத்தாளில் அந்தக் கணக்கு வேறு வேடத்தில் வந்திருந்தது: அடுக்கில் கழித்தல் இரண்டு x வர்க்கம், கூட்டல் எட்டு x. பழைய வழியில் சென்றால் காரணியின் அடுக்குக் கழித்தல் நான்கு; சரியான வழியில் கூட்டல் எட்டு. என் விடையை எழுதி முடித்த பின்னும், முன்வரிசையில் தெரிந்த நானாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைச் சொறிந்தபோதெல்லாம் நான் என் விடையை மறுபடி சரிபார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். அவர் எதிரிலிருந்த தேநீர்க் கடைக்குள் நுழைந்தார். பனிஸ் வாங்கினார். அதைத் தேநீரில் தோய்த்து நிதானமாக உண்டார்.

"நானா, நாலா எட்டா?"

"முதல்ல நாலுதான் வந்திச்சு."

நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"பிறகு நீங்க மறைப்புக்கு மேலால எட்டிப் பாத்த மூஞ்சி ஞாபகம் வந்திச்சு. வெட்டிட்டு எட்டு எழுதினேன்."

இருவரும் தேறினோம். உயர்தர வகுப்பு நானாவுக்கே கிடைத்தது. நாலந்தாவுக்கு அப்பால் யாரும் போகவில்லை. செய்தி வந்த நாளில் கடைக்குச் சென்று, நூலின் ஓரத்திலிருந்த அந்த அச்சுப்பிழை என்னும் சொல்லையாவது இனி அழித்துவிடும்படி கேட்டேன். உயர்தர மாணவருக்கு அந்நூலைத்தான் கொடுக்கவிருந்தார். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், அழிக்கவில்லை.

"இருக்கட்டும் மாஸ்டர். நாம மட்டுமா மண்டைய உடைக்கணும்?" என்று கூறி, எனக்காக இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.