மோட்டார் நின்ற பிறகும் இறங்காத அழுத்தம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எனக்கும் தம்பிக்கும் ஒரு பட்டறை. அவன் வெல்டிங், கட்டிங். நான் டிப்ளமோ படித்துவிட்டுச் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். சுற்றியுள்ள கிரஷர்களில் ஜல்லி சலிக்கும் சல்லடை நாள் முழுக்க அதிரும். அதன் அடியில் கனமான ரப்பர் பேட் வைப்பார்கள். அந்தப் பேட்டை அச்சில் வார்த்துக் கொடுப்பதுதான் எங்களுக்கு முக்கியமான வேலை.

ரப்பரை அச்சில் போட்டு, இரண்டு சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும். வேகும்வரை அழுத்தம் குறையக் கூடாது. குறைந்தால் பேட்டுக்குள் காற்றுக் குமிழி விழும். எங்களிடம் இருந்தது கையால் அடிக்கும் ஜாக்கி. யாராவது ஒருவர் பக்கத்திலேயே நின்று, அளவுமானியின் ஊசி இறங்க இறங்க அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தம்பிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஒரு கிரஷர்காரர் மொத்தமாக ஆர்டர் கொடுக்கவும், எண்ணெயின் வேகத்தில் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்ஸை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினோம்.

அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. சுவரில் சாக்பீஸால் எண்ணெய் போகிற வழியை வரைந்து வைத்திருந்தேன். தொட்டியிலிருந்து எண்ணெயை பம்ப் இழுக்கும். பம்பின் வாயிலேயே ரிலீஃப் வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திரும்பத் தொட்டிக்கே விட்டுவிடும். அதைத் தாண்டி, எண்ணெய் பின்னால் வராதபடி ஒரு செக் வால்வு. அதற்கப்புறம் குண்டு பாட்டில் போல அக்யுமுலேட்டர். கடைசியில் எண்ணெயை, தகட்டை ஏற்றி இறக்கும் சிலிண்டருக்கு மேலேயா கீழேயா என்று திருப்பி விடும் லிவர் வால்வு.

"எல்லாம் புரியுதுக்கா. அந்தக் குண்டு பாட்டில் எதுக்கு?" என்றான் தம்பி.

"அதுக்குள்ள ஒரு ரப்பர் பை இருக்குடா. பைக்குள்ள காஸ். பம்ப் எண்ணெயை உள்ள தள்ளும்போது பை சுருங்கும். மோட்டார் நின்னதும் பை விரிஞ்சு எண்ணெயை வெளிய தள்ளும். லிவர் வால்வுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை இது ஈடுகட்டிரும். நீ நின்னு அடிக்க வேண்டியதில்ல."

அழுத்தத்தை நாங்கள் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில்தான் சொல்வோம். ரிலீஃப் வால்வை நூற்றைம்பதில் வைத்தேன். நூற்றி முப்பதில் மோட்டாரை நிறுத்தி, நூற்றிப் பத்துக்கு இறங்கினால் மறுபடி ஓட்ட ஒரு பிரஷர் சுவிட்ச். அக்யுமுலேட்டர் மட்டும் திருச்சியில் வாங்கிய பழசு. அதன் இரும்பு உடம்பைச் சோதித்துத்தான் கொடுத்தார்கள். காஸும் ஏற்றியே இருக்கிறது என்று விற்றவர் சொன்னார், நம்பிவிட்டேன்.

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் ஊசி ஒரே பாய்ச்சலாக நூற்றி முப்பதுக்கு ஏறியது. மோட்டார் நின்றது. தம்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் ஊசி விழுந்தது. மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஸ்டார்ட்டர் பெட்டி டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் எரிந்துவிடும் என்று ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

"எங்கயோ லீக்குக்கா" என்று அவன் குழாய் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எங்கும் ஒரு சொட்டு இல்லை.

எனக்குள் ஏதோ பொறி தட்டியது. அக்யுமுலேட்டர் நிரம்ப நேரம் பிடிக்கும். ஊசி தயங்கித் தயங்கித்தான் ஏற வேண்டும். இதுவோ குதித்து ஏறுகிறது, குதித்து இறங்குகிறது. அப்படியென்றால் பைக்குள் ஒன்றுமே இல்லை. வடிகால் குழாயைத் திறந்து எண்ணெயை முழுக்கத் தொட்டிக்கு வடித்தேன். ஊசி பூஜ்யத்துக்கு வந்ததை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, அக்யுமுலேட்டரின் தலையில் இருக்கும் காஸ் வால்வின் ஊசியை மெல்ல அழுத்தினேன். சத்தமே இல்லை. எண்ணெயும் வரவில்லை.

"பை கிழியலடா. கிழிஞ்சிருந்தா இங்க எண்ணெய் வந்திருக்கும். காஸ்தான் போயிருச்சு" என்றேன்.

"அவ்வளவுதானா? நம்ம ஆக்சிஜன் சிலிண்டர் நிக்குதே, ஒரு டியூப் போட்டு ஏத்திரலாம்" என்று அவன் எழுந்தே விட்டான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். "எண்ணெயும் ஆக்சிஜனும் சேந்தா வெடிக்கும்டா. நீயும் நானும் இந்தக் கூரையும் மிஞ்சாது. நைட்ரஜன் மட்டுந்தான்."

அவன் அந்தச் சிலிண்டரின் வால்வை இன்னொரு முறை இறுக்கி மூடிவிட்டு வந்தான். பிறகு, "அரியலூர் சுண்ணாம்புக் குவாரியில பாறை உடைக்கிற பிரேக்கர் இருக்குல்ல, அதுக்கு நைட்ரஜன் ஏத்துறாங்கன்னு சொல்லுவாங்களே" என்றான்.

அடுத்த காலையே வண்டியில் இருவரும் அரியலூர் போனோம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வெள்ளைத் தூசியில் குளித்தபடி விசாரித்து, பிரேக்கர் சர்வீஸ் செய்பவரைப் பிடித்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆவல் வந்துவிட்டது.

"சின்னப் பட்டறையில அக்யுமுலேட்டரா? நானே வந்து பாக்குறேங்க. எத்தனை கிலோ ஏத்தணும்?"

"தொண்ணூறுண்ணே. எண்ணெய் அழுத்தம் நூத்திப் பத்துக்குக் கீழ எறங்காது."

"சரியாத்தான் சொல்றீங்க" என்று காஸ் ஏற்றும் சார்ஜிங் கிட்டை எடுத்துக்கொண்டார்.

மதியம் வந்து சேர்ந்தார். வடிகால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். நைட்ரஜன் நுழையும் மெல்லிய சீறல் கேட்டது. அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்ணூறு வரை ஏற்றினார். காஸ் வால்வைச் சுற்றிச் சோப்பு நுரை தடவினோம். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்து பார்த்தன. குமிழி வரவில்லை. கசிந்தது பழைய வால்வு ஊசிதான் என்று, காஸ் ஏற்றும் முன்பே அதை மாற்றியிருந்தார்.

வடிகாலை மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஊசி தொண்ணூறு வரை தாவியது. அங்கிருந்து மெல்ல, ஒவ்வொரு கோடாக நகர்ந்தது. பை சுருங்குவதை என் கண்ணாலேயே பார்ப்பது போலிருந்தது. நூற்றி முப்பது. மோட்டார் நின்றது. ஊசியும் நின்றது. பட்டறையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

உடனே அச்சில் ரப்பரைப் போட்டோம். தம்பி லிவரைத் தள்ளினான். தகடு இறங்கிக் கடித்தது. அழுத்தம் கொஞ்சம் குறைய, மோட்டார் ஓடி நிரப்பிவிட்டு நின்றது. பாதி வேக்காடு தாண்டியிருக்கும், கரண்ட் போய்விட்டது.

மூவரும் அளவுமானியைச் சூழ்ந்துகொண்டோம். தகடுகள் தடிமன் என்பதால் சூடு உடனே போகாது. அழுத்தம்தான் கவலை. தம்பி பழக்கத்தில் ஜாக்கிக் கைப்பிடியைத் தேடித் திரும்பி, அது இல்லாததால் வெறும் கையைப் பிசைந்தான். ஊசி நூற்றி இருபத்தைந்து. வெகுநேரம் கழித்து நூற்றி இருபது. அதற்கும் கீழே ஒரு மயிரிழை.

"நிக்குதுக்கா" என்றான்.

வேகும் நேரம் முடிந்தபோதும் கரண்ட் வரவில்லை. "எப்படித் தொறப்பீங்க?" என்றார் வந்தவர்.

"உள்ள இன்னும் எண்ணெய் மிச்சம் இருக்குண்ணே" என்றேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. தம்பி லிவரை எதிர்ப்பக்கம் இழுத்தான். மோட்டார் இல்லாமல், ஒரு பெருமூச்சு போல ஓசையிட்டுத் தகடு மேலே எழுந்தது. தம்பி கையைத் தட்டினான். வந்தவரும் தட்டினார்.

உறை போட்ட கையால் பேட்டை உரித்தெடுத்தேன். சூடு தணிந்ததும் நடுவில் அறுத்துப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. அறுபட்ட பாதியைக் குவாரியில் காட்ட வேண்டும் என்று வந்தவர் கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பி மறுபாதியைச் சட்டைக்குள் வைத்து வெதுவெதுப்போடு வீட்டுக்கு எடுத்துப்போனான், தன் பெண்டாட்டியிடம் காட்ட.