இரண்டு நாற்காலிகளுக்கு ஒரு வரவு

உடைந்து வந்த பொருளையும் நன்றாக வந்ததாகக் கணினியில் பதிந்துவிடுகிறேன் என்று ஒருவர் அன்போடு சொன்னபோது, வேண்டாம் என்றேனே, அது சரிதானா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். வங்காளத்தின் டாலிகஞ்சில் அலுவலக நாற்காலி செய்யும் ஒரு சிறிய பட்டறையில் பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். ஜாதவ்பூரில் ஒரு பெரிய கம்பெனிக்கு நாற்பது நாற்காலிகள் அனுப்பியிருந்தோம். பில் மட்டும் நகரவேயில்லை.

"ஏம்மா, பூஜா பண்டிகைக்கு முன்னாடி அந்தப் பணம் வரணும். இல்லாட்டி பட்டறை ஆளுங்களுக்கு போனஸ் கிடையாது" என்றார் முதலாளி.

அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றும் பொருந்தினால்தான் கணினி பில்லை விடுமாம். சரக்கு வரவு பதிவாகவில்லை, ஸ்டோரில் கேளுங்கள் என்றார்கள்.

மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் மகளை விட்டேன். காலையில் இரண்டு முறை தும்மியிருந்தாள். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்று யோசித்தபடியே ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டோர்கீப்பர் தாதா நல்ல மனிதர்; அங்கே அண்ணனைத் தாதா என்பார்கள், அக்காவைத் தீதி என்பார்கள். "தீதி, ரெண்டு நாற்காலிக்குக் கை உடைஞ்சிருந்தது. திருப்பி அனுப்பிட்டேன். மாத்தி வந்ததும் மொத்தமா பதியலாம்னு இருந்தேன்" என்று பாதி வங்காளத்திலும் பாதி இந்தியிலும் சொன்னார்.

"மத்ததெல்லாம்?"

"மேல மாடியில எல்லாரும் அதுலதான் உக்காந்து ஆடிக்கிட்டிருக்காங்களே!"

என் முகம் வாடியதைப் பார்த்தாரோ என்னவோ, "சரி, நாற்பதுன்னே போட்டுடறேன். ரெண்டை அப்புறம் அனுப்புங்க" என்றார்.

எவ்வளவு சுலபம்! ஆனால் நாங்கள் அனுப்பத் தாமதித்தால் அவரல்லவா மாட்டிக்கொள்வார்? "முப்பத்தெட்டுன்னே போடுங்க தாதா. ரெண்டுக்கு நாங்க கிரெடிட் நோட் தர்றோம்" என்றேன். என் கண் முன்னாலேயே பதிந்தார்.

பில் தொகையிலிருந்து இரண்டு நாற்காலிகளின் விலையைக் கழித்தோம். மீதிப் பணம் பூஜாவுக்கு முன்பே வந்தது. போனஸ் கிடைத்தது. மகளுக்கும் தும்மல் நின்றது.

பூஜா முடிந்து புதிய நாற்காலிகள் இரண்டையும் அனுப்பினோம். புதிய பில்லும் போட்டோம். அதுவும் நின்றது. அதற்குள் தாதாவுக்கு மாற்றலாகிவிட்டது. நாற்காலிகளோ வாசல் காவலர் கையெழுத்தோடு நேரே மாடிக்குப் போய்விட்டன.

புதிய ஸ்டோர்கீப்பரிடம் கேட்டேன். "நான் கண்ணால பாக்காத நாற்காலிக்கு நான் எப்படி வரவு போடறது, மேடம்?"

நான் பேசிய நியாயத்தையே அவர் பேசினார்.

"நாற்பதுன்னே போட விட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். உன் ரெண்டு நாற்காலி எப்பம்மா வரும்?" என்று முதலாளி பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். கடைசிவரை அந்தப் பணம் வரவில்லை.

புதிய ஸ்டோர்கீப்பரின் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய், "இதோ, இந்த ரெண்டுதான்" என்று அவருக்குக் காட்டியிருக்க வேண்டுமா? அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்வதா? இப்படி வேலை பார்த்துப் பழகியவர்கள் இருந்தால், அவரிடம் எப்படிக் கேட்டிருக்கலாம் என்று தயவுசெய்து எழுதுங்கள்.